அண்ணாச்சியின் ஆறரை அங்குலம்

மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்பது என் தொழில். மதுரையில் உட்கார்ந்துகொண்டு தென்காசி, ராஜபாளையம், தேனி, பரமக்குடி என்று பல ஊர்க் கடைக்காரர்களிடம் வீடியோ காலில் விற்கிறேன். என் மேஜையில் இருப்பது 24 அங்குல மானிட்டர். கடைக்காரர் கையில் இருப்பது ஆறரை அங்குல செல்போன். பெரும்பாலும் அதுகூடக் கையில் இருக்காது. கல்லாப் பக்கத்தில் ஒரு சிரப் பாட்டிலில் சாய்த்து வைத்திருப்பார். இந்தத் தொழிலில் தோற்கிற பலர் தங்கள் மானிட்டரைப் பார்த்தே விற்கிறார்கள். சரக்கு போய்ச் சேருவது அந்த ஆறரை அங்குலத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். அதை முழுசாக ஷேர் செய்தால், செங்குத்தாக நிற்கும் போனில் அது 7 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஏழரை மடங்கு சுருங்குகிறது. என் கண்ணுக்கு 3 மில்லிமீட்டர் உயரமாகத் தெரியும் எண், அவருக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மாத்திரை அட்டையில் அச்சடித்த பேட்ச் நம்பரையே கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கிற மனிதருக்கு இது வெறும் சாம்பல் கோடு. ஆனால் 'தெரியலையே' என்று அவர் சொல்லமாட்டார். 'ம்… ம்…' என்பார். நாமும் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த திரைக்குப் போய்விடுவோம்.

போனைப் படுக்கவாட்டில் திருப்பச் சொன்னால் படம் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும். கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். நான் செய்வது வேறு. முழுத் திரையை ஷேர் செய்வதே இல்லை. சாஃப்ட்வேர் ஓடும் ஜன்னலை மட்டும் ஷேர் செய்கிறேன். அதற்கு முன் அந்த ஜன்னலை இழுத்து, என் திரையில் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகச் சுருக்கிவிடுகிறேன். மொத்தத் திரையில் கால்வாசி. என் பக்கம் பார்க்க அது குறுகலாக, அசிங்கமாக இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் அந்தச் சின்ன ஜன்னல் போன் திரையை நிரப்பிக்கொண்டு நிற்கும். எழுத்து முன்னைவிட இரண்டு மடங்காகிவிடும். அதற்கு மேல் Ctrl விசையோடு + தட்டி 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், படுக்கவாட்டுப் போனில் ஒரு எண் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். வயதான கண்ணுக்கும் அது போதும். பத்து காலம் தெரிந்த இடத்தில் இப்போது நாலுதான் தெரியும். அதுவும் நல்லதுதான். அந்த நாலைப் பற்றித்தானே பேசப்போகிறோம்?

ஜன்னலை மட்டும் ஷேர் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. வேறொரு கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தி மூலையில் எட்டிப் பார்த்தாலும் அது போய்ச் சேராது. ஒரு கடைக்குக் கொடுத்த விலை இன்னொரு கடைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று விற்பனையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா என்று அறிய ஒரே வழி, எதிராளியாக நாமே உட்கார்ந்து பார்ப்பதுதான். ஒவ்வொரு டெமோவிலும் என் பழைய போனையும் இரண்டாவது ஆளாக மீட்டிங்கில் சேர்த்துவிடுகிறேன். வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில். கடைக்காரருக்கும் டேட்டாதானே. அந்தப் போனின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊளைச் சத்தம் கேட்கும். 'என் போனும் உள்ளே இருக்கு, உங்களுக்குத் தெரியறது எனக்கும் தெரியணும்ல' என்று முன்னாடியே சொல்லிவிடுவேன். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே டெமோ கொடுத்தால் கை தானாக நிதானப்படும். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, போனில் முதலில் பழைய திரையே நிற்கும். பிறகு புதியது கலங்கலாக வரும். அப்புறம்தான் எழுத்து தெளியும். நல்ல நெட் என்றால் இது சட்டென்று முடிந்துவிடும். மழை நாளில், ஒரே ஒரு கோடு சிக்னல் காட்டும் ஊரில், சில வினாடிகள் பிடிக்கும். எழுத்து தெளியும் முன் பேச ஆரம்பித்தால், காதில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக அவருக்குக் குழம்பிவிடும். ஆகவே திரையை மாற்று, வாயை மூடு, போனில் தெளிந்ததும் பேசு. ஸ்க்ரோல் செய்வதும் இதே கதைதான். திரை முழுக்க நகரும்போது எல்லாமே புதிதாக அனுப்பப்பட வேண்டியிருப்பதால் எழுத்து மொத்தமும் கலங்கும். நான் சக்கரத்தை உருட்டுவதில்லை. பக்கம் பக்கமாகத் தாண்டி நிறுத்துகிறேன். மவுஸ் அம்பையும் வட்டம் வட்டமாக ஆட்டுவதில்லை. விண்டோஸ் அமைப்பில் அம்பின் அளவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, காட்ட வேண்டிய எண்ணுக்குக் கீழே வைத்துக் கையை எடுத்துவிடுவேன்.

ஜூமில் ஷேர் செய்யும்போது Optimize for video clip என்று ஒரு கட்டம் வரும். பேரைப் பார்த்துவிட்டு நல்லதென்று அதைத் தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அசையும் படத்துக்கானது. படம் தடங்கலின்றி ஓடுவதற்காக எழுத்தின் கூர்மையை விட்டுக்கொடுக்கும். பில் காட்டுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

இனி கேமரா. இதில் பணம் செலவழிக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. லேப்டாப்பை மேஜையில் அப்படியே வைத்தால் கேமரா கீழேயிருந்து மூக்குத் துவாரத்தையும் மின்விசிறியையும் பிடிக்கும். லென்ஸ் கண் மட்டத்துக்கு வரும்வரை அடியில் புத்தகங்களை அடுக்கினால் போதும். தட்டச்சுக்குத் தனி கீபோர்டு. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். படத்தில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமெரிக்கக் கணக்குப்படி 60 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருக்கும். வெப்கேமின் அமைப்பில் அதை 50 என்று மாற்றினால் டியூப்லைட்டுப் பட்டைகள் போய்விடும். மலிவான எல்.இ.டி. பல்பு என்றால் சில சமயம் அப்படியும் போகாது; பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

பின்னால் செயற்கைப் படம் போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ரசனைக் கணக்கு மட்டும் இல்லை இது. நான் கையில் ஒரு மாத்திரை அட்டையையோ பார்கோடு ஸ்கேனரையோ தூக்கிக் காட்டினால், அந்தச் செயற்கைப் படம் அதையும் பின்னணி என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. வெறும் சுவர் போதும்.

கண் எங்கே பார்க்கிறது என்பதுதான் கேமராவில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சமாச்சாரம். 'கேமராவையே பாருங்கள்' என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். கேமராவையே பார்த்தால் எதிராளி முகத்தைப் பார்க்க முடியாது. முகத்தைப் பார்க்காமல் எப்படி விற்பது? ஸ்டான்ஃபோர்டில் இருந்த மில்டன் சென் 2002ல் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பார்வை பக்கவாட்டிலோ மேலேயோ கொஞ்சம் விலகினாலும் எதிராளி கண்டுகொள்கிறார். லென்ஸுக்குக் கீழே விலகினால் மட்டும் ஐந்து பாகை அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறார், கண்ணைப் பார்த்துப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றுகிறது என்பது அதன் சாரம். அறுபது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஐந்து பாகை என்பது ஐந்து சென்டிமீட்டர், அதாவது சுமார் மூன்று விரற்கடை. ஆகவே கடைக்காரர் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை இழுத்து, கேமராவுக்கு நேர் கீழே, திரையின் மேல் விளிம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன். அவர் முகத்தையே பார்த்துப் பேசலாம். அவருக்கும் நான் அவரைப் பார்ப்பதாகத் தெரியும். அந்தக் கட்டம் வலது ஓரத்தில் கிடந்தால், பேச்சு முழுக்க நான் வேறு யாரையோ பார்ப்பது போலிருக்கும்.

ஒலி விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ப்ளூடூத் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒயர் போட்டதை மாட்டுங்கள். நெட்டில் ஏற்கெனவே இருக்கும் தாமதத்தோடு ப்ளூடூத்தின் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. தாமதம் என்றால் பேச்சு ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. இணைப்பில் ஏற்படும் தாமதத்தை மனிதர்கள் இணைப்பின் கோளாறாக நினைப்பதில்லை, எதிரே பேசுபவரின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அவர் கவனமாக இல்லை என்று எண்ணுகிறார்கள் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு நம் பதில் பிந்திப் போய்ச் சேர்ந்தால், 'இந்தப் பொண்ணு யோசிச்சு யோசிச்சுச் சொல்லுதே, பொய் சொல்லுதோ' என்று அவருக்குத் தோன்றலாம்.

இவை எல்லாம் மேடை. நாடகம் எப்படி நடக்கிறது என்பதற்குத் தென்காசிப் பக்கத்துக் கடை ஒன்றைச் சொல்கிறேன். முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார்; அவரும் லேப்டாப்பில் சேர்வதாக ஏற்பாடு. வீடியோ காலுக்கு இரண்டு நாள் முன்பு சாதாரண போனில் பேசியபோது, 'காலாவதிச் சரக்கு எவ்வளவு போகுது அண்ணாச்சி?' என்று கேட்டேன். 'அதை யாரும்மா கணக்குப் பாத்தா? ஒரு அட்டைப்பெட்டியில போட்டு வச்சிருக்கோம்' என்றார். அங்கேதான் வலி என்று தெரிந்துவிட்டது. மொத்த விற்பனை ஏஜென்சிகள் காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு ஏஜென்சிக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் நஷ்டம் கடைக்காரருக்கு. எந்தச் சரக்கை எந்த ஏஜென்சியில் எந்த பில்லில் வாங்கினோம் என்று தேடி எடுப்பதற்குள் கெடு ஓடிவிடும்.

அந்தப் பெட்டிக்குள் போகும் நிலையில், தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் ஐந்து மருந்துகளைப் படம் பிடித்து, வாங்கிய ஏஜென்சியின் பில்களோடு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவர் கடைப் பையன் அனுப்பினான். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, சர்க்கரை மாத்திரை இரண்டு, ஒரு இருமல் சிரப், ஒரு கண் சொட்டு மருந்து. பேட்ச் நம்பர், தேதி, எம்.ஆர்.பி. எல்லாவற்றையும் டெமோவில் முன்கூட்டியே ஏற்றி வைத்தேன். அரை மணி நேர வேலைதான். கம்பெனி கொடுத்த மாதிரி டேட்டாவில் இருக்கும் 'ஏபிசி மெடிக்கல்ஸ்' கணக்கைக் காட்டி விற்பதை நான் விட்டுவிட்டேன். அதை யாரும் தன் கடையாக நினைத்துப் பார்ப்பதில்லை.

நேரம் மதியம் இரண்டே முக்கால். மருந்துக்கடையில் காலையும் மாலையும் டாக்டர் சீட்டுகள் குவியும் நேரம். சாப்பாட்டுக்குப் பிந்திய இந்தப் பொழுதில்தான் கல்லா காலியாக இருக்கும். முதல் இரண்டு நிமிடம் முகம் மட்டும். ஷேர் எதுவும் இல்லை. மகனிடம் எத்தனை நிமிடம் என்று சொன்னேன்: இருபது. பிறகு ஷேர் செய்தேன்.

லாகின் பக்கம், மருந்துப் பெயர்ப் பட்டியல், ஜி.எஸ்.டி. அமைப்பு என்று வரிசையாகப் போகிறவர்கள் பத்தாவது நிமிடத்தில்தான் சுவையான இடத்துக்கு வருவார்கள். அதற்குள் ஆள் போய்விடுவார். நான் கடைசியில் வர வேண்டிய பக்கத்தை முதலில் வைத்தேன்: அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கு, ஏஜென்சி வாரியாக. ஐந்தே வரி. என் போனில் எழுத்து தெளிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

அண்ணாச்சி போனை எடுத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். என் கட்டம் முழுக்க அவர் நெற்றியும் மூக்குக் கண்ணாடியும்தான். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். ஆள் படிக்கிறார் என்று அர்த்தம். அப்போது பேசினால் காரியம் கெட்டுவிடும்.

'இந்தச் சொட்டு மருந்து நம்ம கடையிலயும் கிடக்கு' என்றார்.

'உங்க கடைச் சரக்குதான் அண்ணாச்சி. தம்பி அனுப்பின போட்டோ.'

கொஞ்ச நேரம் கழித்து, 'இது எந்த பில்லுன்னும் அதுவே சொல்லுமா?' என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் பில் நம்பர் தெரியும் காலத்தை மறைத்து வைத்திருந்தேன். அம்பை அந்த வரியில் வைத்துத் திறந்து காட்டினேன். நானாகக் காட்டியிருந்தால் அது என் சாஃப்ட்வேரின் பெருமை. அவர் கேட்டு நான் காட்டினால் அது அவருடைய தேவை.

இந்த நேரத்தில் கடைக்கு ஒரு ஆள் வந்துவிட்டார். அண்ணாச்சி போனைக் கவிழ்க்காமல் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. மின்விசிறி தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மகனிடம் தொடரலாமே என்று கைகள் துடிக்கும். கூடாது. முதலாளி இல்லாதபோது சொன்னதைத் திரும்பவும் சொல்ல வேண்டிவரும், அதற்குள் மகனுக்குச் சலித்துவிடும். அவர் சென்னையில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பேசிக்கொண்டிருந்தேன். திரையில் அந்த ஐந்து வரி அப்படியே நின்றது. அண்ணாச்சி திரும்பி வந்ததும், 'சொட்டு மருந்து பில்லைப் பார்த்துக்கிட்டிருந்தோம்' என்று ஒரே வரி சொல்லித் தொடர்ந்தேன்.

அடுத்து, அவரையே ஒரு பில் சொல்லச் சொன்னேன். இப்போது வந்துபோன ஆளுக்குக் கொடுத்ததையே சொன்னார்: பதினைந்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும், கூட ஒரு சிரப். அட்டையை உடைத்து விற்பதைத் தாறுமாறாகக் கணக்கிடும் சாஃப்ட்வேர்கள் உண்டு; அதனால் கடைக்காரர்கள் இதைத்தான் சோதிப்பார்கள். வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினேன். மீதி பதினொன்று என்று திரையில் வந்ததை அவரே வாய்விட்டு வாசித்தார். மூன்றாவதாக, ஷெட்யூல் எச்1 பதிவேடு. குறிப்பிட்ட சில ஆன்டிபயாட்டிக், காசநோய், தூக்க மருந்துகளை விற்றால் நோயாளி பேர், டாக்டர் பேர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014லிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் கேட்பது அதைத்தான். அது தானாக நிரம்புவதை மட்டும் காட்டினேன். சாஃப்ட்வேரில் இன்னும் நாற்பது வசதிகள் உண்டு. அன்றைக்கு அவை தேவைப்படவில்லை.

கவனம் நழுவுவதைக் கண்டுபிடிக்க மின்விசிறி மட்டும்தான் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். லேப்டாப்பில் இருப்பவர் முகத்தில் வெளிச்சத்தின் நிறம் சட்டென்று மாறினால் வேறு ஜன்னலுக்குத் தாவிவிட்டார். 'ம்' ஒரே சீரான இடைவெளியில் வர ஆரம்பித்தாலும் அப்படியே. அந்த நேரத்தில் 'புரியுதா சார்?' என்று கேட்பதில் பயனில்லை. 'புரியுது' என்றுதான் பதில் வரும். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். 'உங்க கடையில பில் யார் போடுறா, நீங்களா தம்பியா?' இதற்கு ஆமாம் போட முடியாது. திரும்பி வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

விலை பேசும்போது ஷேரை நிறுத்திவிடுகிறேன். எண்கள் திரையில் இருந்தால் அவர் எண்ணைப் பார்ப்பார், நான் மூலையில் தபால்தலை அளவில் இருப்பேன். ஷேர் நின்றதும் என் முகம் அவர் போனை நிரப்பும். முதல் ஆண்டுக்கு எவ்வளவு, அடுத்த ஆண்டிலிருந்து புதுப்பிக்க எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். நேரில் இரண்டு வினாடி மௌனம் போதும். வீடியோவில், தாமதத்தையும் கணக்கில் எடுத்து, மனதுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். அந்த ஐந்துக்குள் பயந்துபோய், 'வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்' என்று தாங்களே விலையைக் குறைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிராளி அப்போது மறுக்கவில்லை. மைக்கை அன்மியூட் செய்யப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீடியோவில் முடியாதவையும் உண்டு. பழைய சாஃப்ட்வேரிலிருந்து சரக்குக் கணக்கை மாற்றித் தர முடியுமா என்று அங்கேயே கேட்பார்கள். அந்த டேட்டாவைப் பார்க்காமல் முடியும் என்று சொல்லக் கூடாது. அண்ணாச்சி மகனும் கேட்டார். கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் சொல்கிறேன் என்றேன். பிரிண்டர், ஸ்கேனர் மாட்டுவதற்கு நேரில் ஆள் போவதுதான் மரியாதை. சில கடைகளில் பெரியவர் ஒருவர், எத்தனை நல்ல டெமோ கொடுத்தாலும், 'ஒரு தடவை கடைக்கு வந்துட்டுப் போம்மா' என்பார். அங்கே இரண்டாவது வீடியோ கால் போடுவது வீண். பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

அண்ணாச்சி அன்றைக்கு வாங்கவில்லை. கோப்பைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகு, அந்த வாரக் கடைசியில் மகன் பணம் அனுப்பினார்.

நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால், அடுத்த டெமோவுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் போனில் உங்கள் மீட்டிங்கிலேயே சேர்ந்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் அதைச் சாய்த்து வைத்து, ஒரு கை தூரம் தள்ளி நின்று, நீங்கள் காட்டப்போகும் முதல் பக்கத்தில் உள்ள ஒரு எண்ணை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையா? முதலில் ஜன்னலைச் சுருக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.